நிறம் போன குச்சிகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஷின் கூவியபோது லேபில் நெட்டையன் ஒருவன்தான் இருந்தான். நோயாளிகளின் ரத்தம் நிரப்பிய புட்டிகளை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சதா ஆட்டிக்கொண்டிருக்கும் மெஷின் அது. எந்தப் புட்டியிலாவது கிருமி வளர்ந்து மூச்சுவிட ஆரம்பித்தால் அதற்கு மூக்கில் வேர்த்துவிடும். உடனே கூவும். நாளுக்கு நாலு தடவை கூவுகிற மெஷின்தான். ஆனால் இன்று திரையில் வந்தது அவன் மனைவியின் பெயர்.

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மெஷின் கூவிக்கொண்டே இருந்தது. பிறகுதான் பொத்தானை அழுத்தி அதன் வாயை மூடினான்.

முந்தின நாள் அவளுக்குக் குளிர்க் காய்ச்சல். ஏழு மாதம். இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. இதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் சேர்த்திருந்தார்கள். "பெரும்பாலும் யூரின் இன்ஃபெக்‌ஷனா இருக்கும். இந்த மாசத்துல சகஜம்தான்" என்றார் பிரசவ டாக்டரம்மா. இரண்டு கையிலிருந்தும் ரத்தம் எடுத்து இரண்டு புட்டியும், கூடவே சிறுநீரும் லேபுக்கு அனுப்பிவிட்டு, ஆம்பிசிலினும் கூட இன்னொரு மருந்தும் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். கூவியது அந்த இரண்டில் ஒன்று.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டு ரத்தத்தை யாரும் தொடக்கூடாது. எழுதி ஒட்டியதில்லை, லேபில் மூத்தவளான மேஜர் அக்கா சொல்லி வைத்தது. பட்டாளத்தில் எல்லாம் இருந்தவள் இல்லை. குரல் அப்படி, அதனால் அந்தப் பெயர். "நம்ம வீட்டு ஸ்லைடுல கண்ணு என்ன தேடுதோ அதைத்தான் காட்டும்டா" என்பாள். போன் போட்டால் வந்துவிடுவாள். ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு மணி நேரம் அவனால் உட்கார்ந்திருக்க முடியாது. கையுறையை மாட்டினான்.

புட்டியின் ரப்பரில் ஊசியைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்துப் பரப்பினான். அவசரத்தில் சொட்டு பெரிதாக விழுந்துவிட்டது. ஒரு ஓரம் மெல்லிசாக, நடுவில் தடிப்பாக, தோசை ஊற்றத் தெரியாதவன் ஊற்றிய தோசை மாதிரி. இன்னொரு ஸ்லைடு போட்டிருக்கலாம். போடவில்லை. காயவைத்து, சூட்டில் ஒட்டவைத்து, ஊதாச் சாயத்தை ஊற்றினான்.

கிராம் சாயம் என்கிற இந்த வேலை பார்க்கச் சின்ன வேலை. முதலில் ஊதா. அது எல்லாக் கிருமிக்குள்ளும் போகும், ஆள் பார்க்காது. அடுத்து அயோடின். அது உள்ளே போய் ஊதாவோடு கைகோர்த்துக்கொண்டு பெரிய கட்டியாக உட்காரும். மூன்றாவது ஆல்கஹால். அங்கேதான் குட்டு வெளிப்படும். தடித்த சுவர் உள்ள கிருமி ஆல்கஹால் பட்டதும் சுருங்கி வாசலைச் சாத்திக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஊதா வெளியே வராது. அது பாசிட்டிவ். மெல்லிய சுவரும் அதற்கு வெளியே ஒரு கொழுப்புத் தோலும் உள்ள கிருமிக்கு அந்தத் தோல் கரைந்துபோகும். ஊதா கழுவிக்கொண்டு வந்துவிடும். அது நெகட்டிவ். கடைசியாக ரோஸ் சாயம் ஊற்றினால், வெறுமையாக நிற்கிறதெல்லாம் ரோஸ் கட்டிக்கொள்ளும்.

எல்லாம் அந்த ஆல்கஹாலில்தான் இருக்கிறது. குறைவாகக் கழுவினால் ஊதா போகவேண்டியதும் போகாமல் நிற்கும். அதிகமாகக் கழுவினால் எந்தச் சுவரானாலும் கடைசியில் விட்டுக்கொடுத்துவிடும். ஊதாவாக இருக்கவேண்டியது ரோஸாக நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் தடித்த ஸ்லைடு ஒன்றைச் சரியாகக் கழுவாமல் தப்பாகப் படித்து மேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பயம் இன்று தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. தன் வீட்டு ஸ்லைடில் ஒரு துளி தப்பு ஊதா நிற்கக்கூடாது. ஆல்கஹாலை ஊற்றினான். நடுவில் இருந்த தடிப்பிலிருந்து ஊதா வழிந்துகொண்டே இருந்தது. இன்னும் ஊற்றினான். இன்னும் வழிந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவாக வரும்வரை ஊற்றினான். ஓரத்தில் மெல்லிசாக இருந்த பகுதி என்ன பாடுபடும் என்று அவனுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன்தான். அந்த நேரத்தில் அது மூளையில் ஏறவில்லை.

எண்ணெய்ச் சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பின் லென்ஸைத் திருப்பினான்.

ரோஸ் நிறக் குச்சிகள். குட்டையான, முனை உருண்ட குச்சிகள். சிதறிக் கிடந்தன.

அவனுக்கு மூச்சு வந்தது. ரோஸ் குச்சி என்றால் கிராம் நெகட்டிவ். சிறுநீரிலிருந்து ரத்தத்துக்கு ஏறுகிற சாதாரணக் கிருமி. டாக்டரம்மா சொன்னதுதான். அதற்கு மருந்து இருக்கிறது. தடிப்பாக இருந்த பக்கம் லென்ஸை நகர்த்தியபோது சில குச்சிகள் பாதி ஊதாவாக, அழுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் தெரிந்தன. சாயக் கசடு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டு லென்ஸை ஓரத்துக்கே திருப்பினான். மெல்லிய பக்கத்தைத்தானே படிக்கவேண்டும்?

பக்கத்தில் ஒரு கன்ட்ரோல் ஸ்லைடு, நிச்சயமாக ஊதாவாக நிற்கவேண்டிய கிருமி ஒன்றையும் நிச்சயமாக ரோஸாக வேண்டிய கிருமி ஒன்றையும் வைத்து, சேர்த்துச் சாயம் ஏற்றியிருக்கவேண்டும். காலையில் பார்த்த கன்ட்ரோல் சரியாகத்தானே இருந்தது என்று விட்டுவிட்டான். காலைக் கன்ட்ரோல் பாட்டிலுக்குச் சாட்சி. கைக்கு இல்லை.

மிச்சச் சொட்டைக் கிருமி வளர்க்கிற இரண்டு தட்டில் இழுத்து இன்குபேட்டரில் வைத்துவிட்டு மூன்றாம் மாடிக்கு போன் போட்டான்.

"கிராம் நெகட்டிவ் ராட்ஸ்" என்றான்.

"அப்பாடா, நெனச்சதுதான். டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றாள் நர்ஸ். "நீங்க ஏன் சார் குரல் இப்படி நடுங்குது? பயப்படாதீங்க."

சாயங்காலம் அவன் மாடிக்குப் போனபோது பழைய மருந்துப் பை இல்லை. செஃப்ட்ரியாக்சோன் ஏறிக்கொண்டிருந்தது. "ரிப்போர்ட் வந்ததும் மாத்திட்டாங்க மாப்பிள்ளை, இது இன்னும் பவராம்" என்றாள் மாமியார். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஈரத்துணியை மகளின் நெற்றியில் மாற்றிக்கொண்டிருந்தாள். "உங்க கையாலயே கண்டுபிடிச்சீங்களாமே. நர்ஸ் சொன்னா."

"ஆமா அத்தை."

மனைவி கண்ணைத் திறந்தாள். கண் ரெண்டும் நெருப்புத் துண்டு. "என்ன நெட்டை, எனக்குள்ள என்ன ஓடுது?"

"குச்சி."

"குச்சியா? ஐஸ் குச்சியா இருந்தா நல்லா இருக்கும். எரியுது."

அவன் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அதுதான் கடைசி.

திங்கள் காலை அவன் வரும்போதே மூன்றாம் மாடியிலிருந்து செய்தி வந்திருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. ராத்திரி இரண்டு முறை குளிர் தூக்கிப் போட்டிருக்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பு வேகமாகிவிட்டது, அசைவு குறைவு. அவன் சட்டையைக்கூட மாற்றாமல் இன்குபேட்டரைத் திறந்தான்.

முதலில் அவள் சிறுநீரின் தட்டு. ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மருந்து ஏறியபிறகு எடுத்த சிறுநீராக இருக்கும், என்று மனசு உடனே ஒரு சமாதானம் சொன்னது. மனசுக்கென்ன, வாடகையா கொடுக்கிறது. அடுத்து ரத்தத் தட்டுகள் இரண்டையும் எடுத்தான். ஒன்று எல்லாக் கிருமியும் வளர்கிற சிவப்புத் தட்டு. இன்னொன்று நெகட்டிவ் கிருமி மட்டும் வளர்கிற தட்டு; பாசிட்டிவ்களை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

சிவப்புத் தட்டில் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறப் புள்ளிகள் முளைத்திருந்தன. இன்னொரு தட்டு வெறுமை.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். வெறுமை. நெகட்டிவ் குச்சி என்றால் இந்நேரம் அதில் அப்பிக் கிடந்திருக்கவேண்டும்.

நேற்று அவன் லென்ஸை நகர்த்திவிட்டு வந்த அந்த அழுக்குக் கத்தரிப்பூ நிறம் கண்ணுக்குள் வந்து நின்றது. அது கசடு இல்லை. அதுதான் மிச்சம். மற்றதெல்லாம் அவன் கழுவித் தள்ளியது.

"என்னடா, தட்டைத் தூக்கிட்டு செல செஞ்சு வெச்ச மாதிரி நிக்கிற?" மேஜர் அக்கா பையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே வந்தாள். "உன் பொண்டாட்டிக்கு எப்படி இருக்கு?"

"அக்கா, நேத்து நான்தான் அவ ஸ்லைடு பார்த்தேன்."

அவள் திரும்பினாள்.

"நெகட்டிவ்னு சொல்லிட்டேன். மருந்த மாத்திட்டாங்க. இந்தத் தட்டுல வளரல. ஓவரா கழுவிட்டேன்னு நெனக்கிறேன்."

மேஜர் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. தட்டுகளை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். "கையக் கட்டிக்கிட்டு அந்த ஸ்டூல்ல உக்காரு. எதையும் தொடாத."

அவள் புட்டியிலிருந்து புதிதாக ஒரு சொட்டு எடுத்தாள். ஊசி முனையளவு. அதைக் கண்ணாடியின் நடுவில், பின்னால் வைத்த அச்சு எழுத்தைப் படிக்கிற அளவுக்கு மெல்லிசாகப் பரப்பினாள். அதே கண்ணாடியில் ஒரு பக்கம் ஊதாவாக நிற்கவேண்டிய உருண்டைக் கிருமி. மறுபக்கம் ரோஸாகவேண்டிய குச்சி. மூன்றுக்கும் ஒரே சாயம், ஒரே ஆல்கஹால், ஒரே கை. இரண்டு ஓரமும் சரியாக வந்தால்தான் நடுவில் இருப்பது சொல்வதை நம்பலாம்.

ஆல்கஹாலை அவள் ஸ்லைடைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஊதா வழிவது நின்றதும் சட்டென்று தண்ணீர். அவ்வளவுதான். அவனுக்கு அது கண் இமைப்பது மாதிரி இருந்தது. நேற்று அவன் ஊற்றிய நேரத்தில் அவள் இதை நாலு தடவை செய்திருப்பாள்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஒரு ஓரம். மறு ஓரம். நடுவுக்கு வந்தபின் வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"அக்கா."

"உருண்டை ஊதா. ஓரத்துக் குச்சி ரோஸ்." நிமிராமலே சொன்னாள். "நடுவுல இருக்கிறது ஊதாடா. குட்டைக் குச்சி. கிராம் பாசிட்டிவ்."

அவன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான்.

"உன் ஸ்லைடு எங்க?"

எடுத்துக் கொடுத்தான். பார்த்தாள். "கல்யாண வீட்டு வெத்தல வாய் மாதிரி எல்லாம் ஒரே செவப்பு. நடுவுல மட்டும் நாலு பாவம் ஊதாவப் புடிச்சுக்கிட்டு தொங்குது. அதையும் பார்த்திருக்க நீ."

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லேபின் டாக்டரை அழைக்கப் போனாள்.

கிருமியியல் டாக்டர் சின்ன உருவம், எதற்கும் அவசரப்படாதவர். இன்று மாடிப்படி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நெட்டையன் அவர் முகத்தையே பார்த்தான்.

"கிராம் பாசிட்டிவ் குச்சி ரத்தப் புட்டியில வந்தா பத்துக்கு எட்டு தடவை தோல் கிருமி" என்றார் டாக்டர். "ஊசி குத்தும்போது கூடவே ஒட்டிக்கிட்டு வர்றது. தூக்கிப் போட்டுடுவோம்."

அவனுக்கு ஒரு கணம் அது வரம் மாதிரி இருந்தது. தோல் கிருமி. ஒன்றுமில்லாதது. அவன் செய்த தப்பு தப்பே இல்லை. பிறகு, அப்படியானால் மூன்றாம் மாடியில் அவளை எரித்துக்கொண்டிருப்பது எது?

"ரெண்டாவது புட்டி?" டாக்டர் கேட்டார்.

"விடியக்காலம் கூவியிருக்கு டாக்டர்" என்றாள் மேஜர். மெஷினிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தாள். "அதையும் போட்டுட்டேன். அதே குச்சிதான்."

"வேற வேற கையில எடுத்த ரத்தம். ரெண்டுலயும் ஒண்ணே." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தோல் கிருமின்னு தள்ள எனக்குத் தைரியம் இல்ல. அதுவும் கர்ப்பிணி, காய்ச்சல், யூரின் சுத்தம். தட்டுல இருந்து ஒரு புள்ளி எடுத்துத் தண்ணிச் சொட்டுல போடுங்க."

சாயம் இல்லாத அந்தச் சொட்டை மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். நெட்டையனையும் பார்க்க விட்டார்கள். உயிருள்ள குச்சிகள். நேராக ஓடவில்லை. தலைகுப்புற, கரணம் போட்டுக்கொண்டு, நின்று, மறுபடி கரணம். அவற்றைப் படத்தில் பார்த்திருக்கிறான். அவள் உடம்புக்குள்ளிருந்து வந்ததாகப் பார்த்ததில்லை.

"லிஸ்டீரியா மாதிரிதான் இருக்கு" என்றார் டாக்டர். "உறுதிப்படுத்த நாளைக்கு ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. குளிர்பெட்டியிலயே சுகமா வளர்ற கிருமி அது. சாப்பாட்டோட உள்ள போகும். பெரியவங்களை விட்டுட்டு வயித்துல இருக்கிற குழந்தைகிட்ட போய் உக்காரும்." போனை எடுத்தபடியே கேட்டார்: "இப்ப என்ன போகுது அவளுக்கு?"

"செஃப்ட்ரியாக்சோன்."

டாக்டர் டயல் செய்துகொண்டிருந்த விரலை நிறுத்தி அவனைப் பார்த்தார். அவன் அதைச் சொல்லவேண்டிய தேவையில்லை, அவருக்குத் தெரியும், இருந்தாலும் சொன்னான். "அது இந்தக் கிருமியத் தொடாது. முதல்ல ஆம்பிசிலின் போய்க்கிட்டிருந்துச்சு. அதுதான் சரியான மருந்து. என் ரிப்போர்ட்டப் பார்த்துட்டு நிறுத்தினாங்க."

டாக்டர் டயலை முடித்தார். "பிரசவ வார்டா? நான் லேப்ல இருந்து. நேத்து கொடுத்த ஸ்மியர் ரிசல்ட் தப்பு. ஆமா, எங்க தப்பு. கிராம் பாசிட்டிவ் ராட்ஸ், ரெண்டு புட்டியிலயும். லிஸ்டீரியாவா எடுத்துக்குங்க. ஆம்பிசிலின் உடனே, முழு டோஸ், ஜென்டாமைசினும் சேர்த்து. டாக்டரம்மாவ லைன்ல கொடுங்க."

'எங்க தப்பு' என்ற சொல் நெட்டையனின் காதில் ஈயம் மாதிரி விழுந்தது. என் தப்பு என்று திருத்தத் தோன்றியது. ஆனால் அவன் கால்கள் ஏற்கெனவே படிக்கட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் மாடியில் நர்ஸ் புதுப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். மனைவியின் வயிற்றில் பட்டை கட்டி இணைத்திருந்த பெட்டியிலிருந்து குழந்தையின் இதயம் கேட்டது. ஓடுகிற குதிரை மாதிரி. அதற்கு இவ்வளவு அவசரம் ஆகாது. பெட்டி துப்பிய காகிதத்தில் கோடு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதைக் கையில் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இறங்கலன்னா வெளிய எடுக்கவேண்டியிருக்கும்" என்றார் அவனிடம், தாழ்ந்த குரலில். "ஏழு மாசம். எடுக்காம பார்க்கத்தான் விரும்புறேன். மருந்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்க்கலாம்."

"எவ்வளவு நேரம் டாக்டர்?"

"அத குழந்தைதான் சொல்லணும்."

மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறுபடி மருந்த மாத்துறாங்களே மாப்பிள்ளை, ஏன்? நேத்து நீங்க சொன்னது சரியில்லையா?"

பொய் சொல்ல அவனுக்கு ஆசை. வாய் வரைக்கும் வந்தது. கிருமி புதுசு, மெஷின் சரியில்லை, இப்படி ஏதாவது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சரியில்ல அத்தை. நான் சாயத்தைத் தப்பா கழுவிட்டேன். நான் சொன்னத வெச்சுத்தான் நல்ல மருந்த நிறுத்துனாங்க."

மாமியாரின் கை தளர்ந்தது. விடவில்லை, தளர்ந்தது மட்டும்தான். கட்டிலில் மனைவி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை.

"உன்ன யாரு பார்க்கச் சொன்னது?" என்றாள். குரல் காய்ந்திருந்தது. "மேஜரக் கூப்பிட வேண்டியதுதான?"

"இருப்பு கொள்ளல."

"உனக்கு இருப்பு கொள்ளலன்னு..." அவள் முடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வயிற்றின் மேல் கட்டியிருந்த பட்டையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், அவனிடமிருந்து மறைக்கிற மாதிரி.

அவன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். நாற்காலி இருந்தது. அதில் உட்காரத் தோன்றவில்லை. பை சொட்டியது. ஒரு பை தீர்ந்து அடுத்த பை மாட்டினார்கள். மாமியார் துணியை நனைத்தாள், பிழிந்தாள், மாற்றினாள். குதிரை ஓடிக்கொண்டே இருந்தது. கோடு மேலேயே இருந்தது. நடுவில் மேஜர் அக்கா வந்து, அவன் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மத்தியானம் கழிந்து மூன்றாவது பை ஏறும்போது அவள் நெற்றி வேர்த்தது. மாமியார்தான் முதலில் கண்டாள். "ஈரம் துணியோடதா, வேர்வையான்னு தெரியல, நீங்க தொட்டுப் பாருங்க மாப்பிள்ளை."

அவன் எழுந்தான். தன் கண்ணை அவன் நம்பவில்லை, கையையும் நம்பவில்லை. "நர்ஸக் கூப்பிடுங்க அத்தை" என்றான்.

நர்ஸ் வந்து சூடு பார்த்தாள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாள். கொஞ்சம்தான். பிறகு பெட்டியின் காகிதத்தைக் கிழித்து டாக்டரம்மாவிடம் காட்டப் போனாள்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது நெட்டையன் அவர் வாயைப் பார்க்காமல் காகிதத்தைத்தான் பார்த்தான். கோடு சரிந்திருந்தது. மலையிலிருந்து இறங்கிய மாதிரி இல்லை. படியில் ஒரு கால் வைத்த மாதிரி.

"இன்னைக்கு எடுக்கல" என்றார் டாக்டரம்மா. "ஆனா கண்டம் தாண்டிட்டோம்னு யாரும் நெனக்கவேணாம். ரெண்டு மூணு வாரம் மருந்து ஏறணும். குழந்தைக்குள்ள கிருமி போயிருக்கான்னு பொறந்தப்பறம்தான் தெரியும். அதுவரைக்கும் தினமும் பார்ப்போம்."

அவர் போனார். அவன் மறுபடி தரையில் உட்காரப் போனான்.

"மேல உக்காரு" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடியே. "கீழ உக்காந்தா எனக்கு உன்னத் திட்ட வசதியா இல்ல."

அவன் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் திட்டவில்லை. தூங்கிவிட்டாள். பட்டையின் மேலிருந்த கைகளில் ஒன்று நழுவிக் கட்டிலில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பெட்டி அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு அடுத்தது வரும்வரை அவன் மூச்சை நிறுத்தினான். வந்தது. மறுபடி நிறுத்தினான்.